கடிகாரம் பின்னால் போன இரவு: 8 முதல் 8 நைட் ஷிப்டுக்கு எத்தனை மணி நேரச் சம்பளம்? (பிரிட்டன்)

கௌரி_நைட்ஸ் · 2 நவம்பர் 2025, காலை 10:12

கேர் ஹோமில் நைட் பார்க்கிறேன். ஷிப்ட் இரவு 8 முதல் காலை 8 வரை, அதில் ஒரு மணி நேரம் சம்பளமில்லாத பிரேக். மணிக்கு 12.21 பவுண்டு. அக்டோபர் 25 சனிக்கிழமை இரவு ஏறி 26 ஞாயிறு காலை இறங்கினேன். அன்று அதிகாலை 2 மணி மறுபடி 1 மணி ஆனது. 31ஆம் தேதி வந்த பே ஸ்லிப்பில் அந்த இரவுக்கும் வழக்கம்போல 11 மணி நேரம்தான் இருக்கிறது. மேனேஜரிடம் கேட்டால், "மார்ச்சில் ஒரு மணி நேரம் குறைவாக வேலை செய்கிறீர்கள், அக்டோபரில் கூடுதலாகச் செய்கிறீர்கள், ரெண்டும் சரியாப் போச்சு" என்கிறார். இது சரிதானா?

---

பாலன்_வார்டு7 · 2 நவம்பர், காலை 10:40

மேனேஜர் சொல்வது சரிதான் தங்கச்சி. கடிகார மாற்றத்துக்குத் தனியாகச் சம்பளம் கொடு என்று பிரிட்டனில் எந்தச் சட்டமும் இல்லை. எல்லாம் கான்ட்ராக்ட்தான். "8 முதல் 8 வரை" என்று எழுதியிருந்தால் 8 முதல் 8 வரைதான். மார்ச்சில் யாரும் ஒரு மணி நேரக் காசைத் திருப்பிக் கொடுப்பதில்லையே?

---

சம்பளமேசை · 2 நவம்பர், காலை 11:25

பாலன் அண்ணா, முதல் பாதி சரி. கடிகாரத்தைப் பற்றித் தனிச் சட்டம் கிடையாது. ஆனால் அதோடு கதை முடியவில்லை, குறைந்தபட்ச ஊதியச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதற்குக் கடிகார முள் எங்கே நின்றது என்பது முக்கியமில்லை, ஆள் எத்தனை மணி நேரம் வேலை செய்தார் என்பதே முக்கியம்.

கௌரி, உங்கள் இரவை எண்ணிப் பாருங்கள். சனி இரவு 8 முதல் நள்ளிரவு வரை 4 மணி நேரம். நள்ளிரவு முதல் 2 வரை 2. அங்கே கடிகாரம் மறுபடி 1 ஆகிறது. அந்த 1 முதல் காலை 8 வரை 7. மொத்தம் 13. பிரேக் ஒரு மணி நேரத்தைக் கழித்தால் 12. பே ஸ்லிப்பில் இருப்பது 11.

1 ஏப்ரல் 2025 முதல் 21 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குக் குறைந்தபட்சம் 12.21. நீங்கள் வாங்குவது அச்சாக அதே 12.21. அதனால் ஒரு மணி நேரம் விடுபட்டாலும் உடனே குறைந்தபட்சத்துக்குக் கீழே போய்விடும். அக்டோபரில் 14 ஷிப்ட் பார்த்ததாக வைத்துக்கொள்வோம். கொடுத்தது 14 × 11 = 154 மணி நேரத்துக்கு, 1,880.34 பவுண்டு. வேலை செய்தது 155 மணி நேரம். வகுத்தால் மணிக்கு 12.13. எட்டு பென்ஸ்தான் குறைகிறது என்று விட முடியாது, எல்லைக்குக் கீழே போனால் போனதுதான்.

இனி அந்த "மார்ச்சில் சரியாப் போச்சு" கணக்கு. மணிக்கணக்கில் சம்பளம் வாங்குபவருக்குக் குறைந்தபட்ச ஊதியத்தைச் சம்பளக் காலத்துக்குள்தான் பார்ப்பார்கள். வாரச் சம்பளம் என்றால் ஒரு வாரம், மாதச் சம்பளம் என்றால் ஒரு மாதம். ஒரு மாதத்துக்கு மேல் நீட்டவே முடியாது. மார்ச்சையும் அக்டோபரையும் ஒரே தராசில் வைக்கச் சட்டத்தில் இடமில்லை.

---

பாலன்_வார்டு7 · 2 நவம்பர், காலை 11:51

சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நைட்டுக்குத் தனி அலவன்ஸ் கொடுக்கிறார்களே? எங்கள் இடத்தில் மணிக்கு ஒன்றரை பவுண்டு கூடுதல். அதையும் சேர்த்தால் 12.21க்கு மேலே தாராளமாக வந்துவிடுமே.

---

சம்பளமேசை · 2 நவம்பர், மதியம் 12:08

வராது அண்ணா, அதைச் சேர்க்கக் கூடாது. இரவு, வார இறுதி, ஓவர்டைம் என்று அடிப்படைக்கு மேல் கொடுக்கும் பிரீமியம் எதுவும் குறைந்தபட்ச ஊதியக் கணக்கில் ஏறாது. அடிப்படை ரேட் மட்டும்தான் ஏறும். பல இடங்களில் தவறுவது இங்கேதான்: பே ஸ்லிப்பின் மொத்தத்தை மணி நேரத்தால் வகுத்துவிட்டு "பதின்மூன்று வருகிறது, பிரச்சினை இல்லை" என்று மூடிவிடுகிறார்கள்.

அடிப்படை ரேட்டே 12.30 என்று இருந்தால் கதை வேறு. அதே 14 ஷிப்ட், 154 × 12.30 = 1,894.20. அதை 155ஆல் வகுத்தால் 12.22. ஒரு மணி நேரம் விடுபட்டும் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் மீறப்படவில்லை! ஆனால் வாரச் சம்பளமாக இருந்து அந்த வாரம் மூன்றே ஷிப்ட் என்றால் கொடுத்தது 33 மணி நேரம், செய்தது 34. அங்கே அடிப்படை ரேட் 12.58 இருந்தால்தான் தப்பும். ஒரே தவறு, சம்பளம் வாரத்துக்கா மாதத்துக்கா என்பதை வைத்து ஒருவருக்குச் சட்ட மீறல், இன்னொருவருக்கு இல்லை.

மீறல் இல்லை என்றால் காசு வராது என்று நினைக்க வேண்டாம். கான்ட்ராக்டில் "வேலை செய்த ஒவ்வொரு மணி நேரத்துக்கும்" என்று இருந்தால் 12.30 வாங்குபவருக்கும் அந்த ஒரு மணி நேரம் பாக்கிதான். அப்போது அது ஒப்பந்தக் கடன், சம்பளத்தில் பிடித்ததாகக் கேட்கலாம்.

---

ராகினி.ச · 2 நவம்பர், மதியம் 1:30

நான் ஸ்லீப்-இன் பார்க்கிறேன், இரவு 10 முதல் காலை 7 வரை ஒரே தொகை. அப்படியானால் எனக்கும் அன்று ஒரு மணி நேரம் கூடுதலாக வர வேண்டுமா? இத்தனை வருஷமாகக் கேட்காமல் விட்டுவிட்டேனே!

---

சம்பளமேசை · 2 நவம்பர், மதியம் 1:52

ராகினி அக்கா, உங்களுடையது வேறு வகை. கௌரி விழித்திருந்து வேலை செய்யும் நைட். ஸ்லீப்-இன் என்றால் தூங்குவதற்கு இடம் கொடுத்து, தேவைப்பட்டால் எழுப்புவார்கள். 2021 மார்ச்சில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் மென்காப் வழக்கில் சொன்னது இதுதான்: ஸ்லீப்-இன்னில் குறைந்தபட்ச ஊதியத்துக்கு, எழுந்து வேலை செய்த நேரம் மட்டுமே கணக்கு. அதனால் தூங்கிக்கொண்டிருக்கும்போது 1 மணி இரண்டு தடவை வந்து போனால் அந்தச் சட்டப்படி எதுவும் கூடுதலாக வராது. அந்த நேரத்தில் எழுப்பி இருபது நிமிஷம் வேலை வாங்கினார்கள் என்றால் அந்த இருபது நிமிஷம் கணக்கில் வரும். ஒரே தொகையை எதற்காகக் கொடுக்கிறார்கள், எழுப்பினால் என்ன என்று கான்ட்ராக்டில் இருக்கும், அதைப் பாருங்கள்.

---

நேரக்கோடு · 2 நவம்பர், மாலை 4:15

ரோட்டா, அதாவது ஷிப்ட் அட்டவணை போடும் சாப்ட்வேர் பக்கம் வேலை செய்பவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். கௌரி விஷயத்தில் யாரும் உட்கார்ந்து ஒரு மணி நேரத்தை வெட்டியிருக்க மாட்டார்கள். கணினி 8லிருந்து 8ஐக் கழித்து 12 என்று போட்டிருக்கும், பிரேக் போக 11. அவ்வளவுதான். பைத்தானில் பாருங்கள், லண்டன் நேரம் என்று தெளிவாகச் சொன்ன பிறகும்:

```python
from datetime import datetime
from zoneinfo import ZoneInfo
L, U = ZoneInfo("Europe/London"), ZoneInfo("UTC")
a = datetime(2025, 10, 25, 20, 0, tzinfo=L)
b = datetime(2025, 10, 26, 8, 0, tzinfo=L)
print(b - a)                              # 12:00:00
print(b.astimezone(U) - a.astimezone(U))  # 13:00:00
```

இரண்டு நேரமும் ஒரே மண்டலத்தில் இருந்தால் கழித்தல் சுவர்க் கடிகாரத்தை மட்டும் பார்க்கிறது. இரண்டையும் உலகப் பொது நேரத்துக்கு மாற்றிவிட்டுக் கழித்தால்தான் 13 வரும். எக்செல்லில் `=MOD(B2-A2,1)*24` போட்டு வைத்திருக்கும் டைம்ஷீட்டிலும் இதே கதை, அதற்குக் கடிகார மாற்றம் என்று ஒன்று இருப்பதே தெரியாது.

இதைவிட வேடிக்கை பிரேக்கில். ஒருவர் 1:40க்கு பிரேக் என்று கார்டு தட்டுகிறார். அரை மணி நேரம் கழித்துத் திரும்பும்போது கடிகாரம் 1:10. மேலே உள்ள எக்செல் சூத்திரம் அவர் 23.5 மணி நேரம் பிரேக் எடுத்ததாகச் சொல்லும். சில சாப்ட்வேர் மைனஸ் 30 நிமிஷம் என்று சிவப்பில் காட்டும், சூப்பர்வைசர் "ஏதோ தப்பாகத் தட்டிவிட்டார்" என்று 1:10ஐ 2:10 ஆக்கிவிடுவார். அந்தத் திருத்தத்தில் பிரேக் 30 நிமிஷம் சரியாகத்தான் தெரியும். ஆனால் தொடர்ச்சியாக ஓடிய நேரத்தில் ஒரு மணி நேரம் இரட்டிப்பானதற்கான ஒரே தடயமும் அழிந்துபோகும். அதனால் திருத்துவதற்கு முன் மூலப் பதிவை ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.

1:10 என்று மட்டும் எழுதினால் அது முதல் 1:10ஆ இரண்டாவதா என்று யாராலும் சொல்ல முடியாது. பைத்தானில் அதற்கு `fold=0`, `fold=1` என்று வைத்திருக்கிறார்கள். காகித டைம்ஷீட் என்றால் பக்கத்தில் "பழைய நேரம்", "புதிய நேரம்" என்று எழுதினாலே போதும்.

---

ரோட்டா_மாலா · 2 நவம்பர், மாலை 6:02

எதிர்ப்பக்கமிருந்து ஒரு வார்த்தை. அன்று நாளுக்கு 25 மணி நேரம். அந்தக் கூடுதல் ஒரு மணி நேரத்தை யாராவது ஒருவர் தரையில் நின்று பார்த்தே ஆக வேண்டும். "நைட் ஆட்கள் 12 மணி நேரம் முடிந்ததும் 7 மணிக்கே போகட்டும்" என்று விட்டால் டே ஆட்களை 7 மணிக்கு வரச் சொல்ல வேண்டும், அப்போது அவர்களுக்கு 13. சம்பளம் எந்த வரியில் போகிறது என்பது மட்டும்தான் மாறும், மொத்தம் குறையாது. ஹாண்ட்ஓவர் ஆள் வராமல் நைட் ஆள் கிளம்ப முடியாது என்பதால் பெரும்பாலும் நைட்டிலேயே விழுகிறது.

பட்ஜெட் போடும்போது அக்டோபர் கடைசி ஞாயிறு காலை முடியும் நைட்டுக்கு ஒருவருக்கு ஒரு மணி நேரம் கூட்டியும், மார்ச் கடைசி ஞாயிறு காலை முடியும் நைட்டுக்கு ஒரு மணி நேரம் குறைத்தும் ரோட்டாவில் கைப்பட எழுதிவிட்டால் பிறகு சண்டையே வராது. தேதி வருஷத்துக்கு முன்னாலேயே தெரிந்ததுதானே.

மார்ச்சில் நாங்கள் குறைக்காமல் முழு 11ம் கொடுத்துவிடுகிறோம். அதை அக்டோபரில் கழிக்கலாமா என்பதே என் கேள்வி.

---

சம்பளமேசை · 2 நவம்பர், இரவு 7:20

மாலா அக்கா, இது நல்ல கேள்வி. மார்ச் 30 அதிகாலை 1 மணி நேரே 2 ஆனது. 8 முதல் 8 வரை நின்றவர் உண்மையில் 11 மணி நேரம், பிரேக் போக 10. நீங்கள் 11க்குக் கொடுத்தீர்கள் என்றால் ஒரு மணி நேரம் கூடுதல். அதைத் தெரிந்தே தாராளமாகக் கொடுத்தீர்களா, தவறிப் போனதா என்பது முதல் கேள்வி. தவறிக் கொடுத்ததைத் திரும்பப் பிடிக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் பிடிப்பதற்கு முன் சொல்லிவிட்டு, மார்ச் இரவைக் காட்டி, அந்த ஆளிடமிருந்து பிடிக்க வேண்டும். "அக்டோபரில் பேசாமல் விட்டுவிடுவோம்" என்பது பிடித்தம் ஆகாது, பதிவில்லாத குறைப்பு.

அதோடு ரேட்டும் ஒன்றல்ல. மார்ச் 30 அன்று குறைந்தபட்சம் 11.44, ஏப்ரல் 1 முதல்தான் 12.21. மார்ச்சில் கூடக் கொடுத்த மணி நேரமும் அக்டோபரில் விட்ட மணி நேரமும் 77 பென்ஸ் வித்தியாசம். ஆளும் பெரும்பாலும் ஒன்றாக இருக்காது. மார்ச்சில் அந்த இரவில் நின்றவர் ஒருவர், அக்டோபரில் நின்றவர் இன்னொருவர்.

---

கௌரி_நைட்ஸ் · 2 நவம்பர், இரவு 8:45

நான் சேர்ந்ததே ஜூனில்! மார்ச்சில் இந்த ஹோமில் நான் இல்லவே இல்லை. இதை அவரிடம் சொல்லத் தோன்றவில்லை.

கான்ட்ராக்டில் "மணி நேர ஊதியம், ரோட்டாப்படி வேலை செய்யும் நேரத்துக்கு" என்று இருக்கிறது. மணிக்கணக்கை எங்கும் எண்ணால் எழுதவில்லை. அன்று பிரேக் 1:40க்குப் போனேன், ஆனால் மாடியில் நான் மட்டும்தான், பசர் அடித்து இரண்டு தடவை எழுந்து போனேன்.

---

சம்பளமேசை · 2 நவம்பர், இரவு 9:10

அந்தக் கடைசி வரி பெரியது கௌரி. மாடியில் தனியாள், பசருக்குப் போயே ஆக வேண்டும் என்றால் அதை முழு பிரேக் என்று சொல்வது கடினம். வேலையிலிருந்து விடுபட்டு இருந்தால்தான் பிரேக்கைக் கழிக்கலாம். ஆனால் இது எல்லா நைட்டுக்கும் பொருந்தும் தனி வழக்கு. இப்போதைக்குக் கடிகார மணி நேரத்தை மட்டும் கேளுங்கள், இரண்டையும் கலந்தால் மேனேஜர் பிரேக் பேச்சில் உங்களை இழுத்துவிடுவார்.

முதலில் எழுத்தில் கேளுங்கள், ஈமெயில் போதும். தேதி, ஏறிய நேரம், இறங்கிய நேரம், உண்மையில் ஓடிய 13 மணி நேரம், பிரேக் 1, ஊதியத்துக்கு உரியது 12, கொடுத்தது 11, பாக்கி 12.21 பவுண்டு, நவம்பர் சம்பளத்தில் சேர்க்கவும். இந்த ஒரே பத்தி. "மார்ச்" என்ற சொல்லை நீங்கள் எடுக்காதீர்கள், அவர் எடுத்தால் சேர்ந்த தேதியைச் சொல்லுங்கள்.

கொடுக்க மறுத்தால், குறைந்தபட்ச ஊதியத்துக்கான பதிவுகளைக் காட்டச் சொல்லி எழுத்தில் கேட்கலாம், 14 நாளில் காட்ட வேண்டும். அந்தப் பதிவை அவர்கள் 6 வருஷம் வைத்திருக்க வேண்டும். பிரிட்டன் வரித்துறையான எச்எம்ஆர்சியிலும் புகார் செய்யலாம். ட்ரிப்யூனல் போவதானால் காலக்கெடு, சம்பளம் கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதத்தில் ஒரு நாள் குறைவு. உங்களுக்கு அக்டோபர் 31 என்றால் கடைசி நாள் ஜனவரி 30. அதற்குள் வேலைத் தகராறுகளைச் சமரசம் செய்யும் அமைப்பான ஏகாஸில் முன்சமரசம் பதிவாகியிருக்க வேண்டும். 12 பவுண்டுக்காக யாரும் அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்காது, ஆனால் அன்று இரவு நின்ற எல்லோருக்கும் இதே கணக்கு என்று தெரிந்தால் மேனேஜர் யோசிப்பார்.

---

பாலன்_வார்டு7 · 3 நவம்பர், காலை 9:30

எனக்கு ஒரு சந்தேகம் பாக்கி. நான் வருஷச் சம்பளத்தில் இருப்பவன். என் கான்ட்ராக்டில் வாரம் 37.5 மணி நேரம். எனக்கு?

---

சம்பளமேசை · 3 நவம்பர், காலை 9:55

இங்கேதான் உங்கள் "சரியாப் போச்சு" கொஞ்சம் உயிரோடு இருக்கிறது அண்ணா. வருஷச் சம்பளக்காரருக்குக் கணக்கு வருஷத்துக்கு இத்தனை அடிப்படை மணி நேரம் என்று போகும். ஒரு மார்ச்சும் ஒரு அக்டோபரும் ஒரே வருஷத்துக்குள் வந்தால் இரண்டிலும் நின்றவருக்கு நிகர் பூஜ்யம். அக்டோபரில் மட்டும் நின்றவருக்கு ஒரு மணி நேரம் கூடியிருக்கும், ஆனால் வருஷ அடிப்படை நேரத்தைத் தாண்டினால்தான் குறைந்தபட்ச ஊதியப் பேச்சே வரும். உங்கள் சம்பளம் அந்த எல்லைக்கு நன்றாக மேலே இருந்தால் அது தொடவே தொடாது. பிறகு மிச்சம் உங்கள் கான்ட்ராக்டும் ஓவர்டைம் விதியும்தான். சில இடங்களில் பதிலாக நேரத்தை விடுப்பாகக் கொடுக்கிறார்கள்.

---

நேரக்கோடு · 3 நவம்பர், காலை 10:20

ஆனால் "ஒரு ஷிப்டுக்கு 11 மணி நேரம்" என்று எண்ணாகவே எழுதியுள்ள கான்ட்ராக்ட்? அதே தாளில் "8 முதல் 8 வரை" என்றும் இருந்தால்? எது மேலோங்கும்?

---

சம்பளமேசை · 3 நவம்பர், காலை 10:48

அதற்கு ஒரே விடை சொல்ல மாட்டேன். எண் 11 என்று சொன்னால் அது பேசிய வேலை, கூடுதல் மணி நேரம் ஓவர்டைம் என்று வாதிடலாம். "8 முதல் 8 வரை" என்பதுதான் வேலை என்று முதலாளி சொல்வார். முன்பு மார்ச்சில் எப்படிக் கொடுத்தார்கள் என்பதைக் கேட்டு அதை வழக்கமாகக் காட்டுவார்கள். ரேட் எல்லையில் இருந்தால் மட்டும் விவாதமே தேவையில்லை, 12.21ல் இருப்பவருக்கு எந்தக் கான்ட்ராக்டும் அந்த ஒரு மணி நேரத்தை எடுத்துவிட முடியாது.

---

ரோட்டா_மாலா · 3 நவம்பர், மாலை 5:40

நான் இன்று பே ரோலில் கேட்டேன். எங்கள் நைட் ஆறு பேருக்கும் 11 என்றுதான் போயிருக்கிறது. மார்ச்சில் கொடுத்த கூடுதலுக்கு யார் பெயரும் தனியாகப் பதிவாகவில்லை. அதனால் பிடிப்பதை மறந்துவிட்டு, நவம்பரில் ஆறு பேருக்கும் ஒரு மணி நேரம் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். வருகிற மார்ச் 28 சனி இரவுக்கு என்ன எழுதுவது என்பதில்தான் இன்னும் முடிவாகவில்லை, 10 என்று போட்டால் ஆட்கள் கோபப்படுவார்கள்.

---

கௌரி_நைட்ஸ் · 4 நவம்பர், காலை 8:55

மெயில் அனுப்பினேன். "ஜூனில் சேர்ந்தேன்" என்ற வரிக்குப் பதிலே வரவில்லை, "பார்த்துச் சொல்கிறேன்" என்று மட்டும் வந்தது. 1:40 பிரேக் தட்டிய கார்டு பதிவைக் கேட்டிருக்கிறேன், அது இன்னும் வரவில்லை.